வருகிற பணம் எந்தக் கிழமை வரும்?

கோவை கணபதியில் மோட்டார் ஷாஃப்ட் செய்யும் ஒரு பட்டறை. இரண்டு சிஎன்சி லேத், ஒரு பழைய லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், ஒன்பது பேர் வேலை. உரிமையாளர் எனக்கு நண்பர். நான் அங்கே மாதம் இரண்டு முறை போய்க் கணக்கு எழுதுகிறேன். கடந்த ஆண்டு மே 31, சனிக்கிழமை. டேலியில் இருந்து நிலுவைப் பட்டியலை அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தார். பார்ட்டிகளிடமிருந்து வர வேண்டியது 12,50,000 ரூபாய். இரும்புக் கடைக்கும் ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறைக்கும் கொடுக்க வேண்டியது 5,90,000 ரூபாய். பேங்கில் 3,10,000.

"கொடுக்கிறதுக்கு ரெண்டு பங்குக்கு மேல வர வேண்டியிருக்குங்க. அப்புறம் ஏனுங்க சனிக்கிழமை வந்தா எனக்கு வயித்தைக் கலக்குது?" என்றார்.

கேள்வி சரியானதுதான். பதில் அந்தத் தாளில் இல்லை. நிலுவைப் பட்டியல் எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. டேலி பில்லின் கெடு தேதியைக் காட்டும்; ஆனால் கெடு தேதிக்குப் பணம் போடும் பம்ப் கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை. அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, கூகுள் ஷீட்ஸில் அந்த "எப்போது" என்பதைக் கணக்கிட்டோம். எக்செல்லிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்.

முதலில் செய்ய வேண்டியது கொஞ்சம் அலுப்பான வேலை. ஒவ்வொரு பார்ட்டியும் உண்மையில் எத்தனை நாள் தாமதமாகக் கொடுக்கிறார் என்பதைப் பேங்க் ஸ்டேட்மெண்டைப் பார்த்து எழுத வேண்டும். பில் தேதியோடு கடன் நாட்களைக் கூட்டினால் கெடு தேதி. பணம் பேங்கில் ஏறிய நாளில் இருந்து அதைக் கழித்தால் தாமதம். பெரிய பம்ப் கம்பெனியைப் பற்றி நண்பரிடம் கேட்டபோது, "45 நாள் டெர்ம்ஸ், ஒரு பத்து நாள் முன்ன பின்ன ஆகும்" என்றார். கடைசி ஆறு பில்லை எடுத்துப் பார்த்தோம். தாமதம் 14, 16, 18, 18, 21, 95 நாட்கள். பத்து நாளுக்குள் ஒன்றுகூட வரவில்லை. மனசு நல்ல பில்லைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அந்த 95 நாள் பில்லில் அளவு தவறிய ஷாஃப்ட் பற்றி ஒரு வழக்கு இருந்தது, அதனால் இழுத்தது. சராசரி எடுத்தால் 30 நாள் வரும். ஒரே ஒரு சண்டை, எல்லா பில்லையும் 12 நாள் தள்ளிவிடும். அதனால் சராசரி வேண்டாம். தாமதங்களை வரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். ஷீட்டில் அதற்கு `MEDIAN` என்று ஒன்று இருக்கிறது. இங்கே அது 18 தருகிறது. அதுதான் அந்தக் கம்பெனியின் குணம்.

இதில் இன்னொரு பொறி உண்டு. மார்ச் மாதத்தில் வந்த பணத்தைத் தாமதக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு எம்எஸ்எம்இ சட்டம் சொல்லும் கெடுவுக்குள், அதாவது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள், பணம் கொடுக்கத் தவறி ஆண்டு முடிந்துவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டில் கழித்துக்கொள்ள முடியாது. கொடுக்கிற ஆண்டில்தான் கழிக்கலாம். தாமதமானாலும் மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் பாதிப்பில்லை. அதனால் மார்ச் கடைசியில் பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குத் திடீரென்று நம் நினைவு வரும். ஜூனில் அந்தப் பயம் இருக்காது. மார்ச் பழக்கத்தை நம்பி ஜூன் சம்பளத்தைத் திட்டமிட முடியாது.

இனி ஷீட். முதல் தாளுக்கு `Varavu` என்று பெயர் வைத்தோம். ஒரு பில்லுக்கு ஒரு வரி. A-யில் பார்ட்டி, B-யில் பில் எண், C-யில் பில் தேதி, D-யில் வர வேண்டிய தொகை, E-யில் கடன் நாட்கள், F-யில் நாம் கண்டுபிடித்த தாமதம், G-யில் பார்ட்டி போனில் சொன்ன தேதி (சொல்லியிருந்தால்), H-ல் நாம் எதிர்பார்க்கும் தேதி. H-ல் மட்டும் சூத்திரம்:

```
=IF(G2<>"",G2,C2+E2+F2)
```

ஆள் ஒரு தேதி சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொள். இல்லாவிட்டால் பில் தேதி, கடன் நாள், தாமதம் மூன்றையும் கூட்டிக்கொள் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நண்பரின் ஐந்து பில்லும் இப்படி விழுந்தன. பெரிய பம்ப் கம்பெனியின் ஏப்ரல் 10 பில், 4,20,000; கெடு மே 25-லேயே முடிந்துவிட்டது, 18 நாள் கூட்டினால் ஜூன் 12. அதே கம்பெனியின் ஏப்ரல் 28 பில், 3,60,000. கெடு ஜூன் 12, வருவது ஜூன் 30. பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனி, 30 நாள் டெர்ம்ஸ், தாமதம் 5 நாள்தான். அவர்களின் 1,80,000 ஜூன் 9-லும், 1,50,000 ஜூன் 24-லும். கடைசியாக ஒரு சின்னப் பட்டறைக்காரர், மார்ச் 12 பில், 1,40,000. அவருடைய வழக்கமான 40 நாள் தாமதத்தைக் கூட்டினாலும் மே 21-க்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாவது தாள் `Selavu`. இரும்புக் கடை பில்கள், ஹீட் ட்ரீட்மெண்ட் கூலி இவற்றோடு, பில்லே இல்லாமல் வாசலில் வந்து நிற்பவற்றையும் அதில் எழுத வேண்டும்: சனிக்கிழமைதோறும் சம்பளம் 65,000, ஐந்தாம் தேதி சிஎன்சி மெஷின் தவணை 48,000, வாடகை, பிஎஃப், கரண்ட் பில், ஜிஎஸ்டி. கொடுக்கும் பக்கத்தில் தாமதம் என்ற பத்தியே வைக்கக் கூடாது என்பது என் கட்சி. நாம் தாமதமாகக் கொடுப்போம் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், நெருக்கடி எங்கே என்பதே தெரியாமல் போய்விடும். கெடு தேதியை அப்படியே போடுங்கள். எதைத் தள்ளலாம் என்பது பிறகு எடுக்கிற முடிவு.

மூன்றாவது தாளில் முதல் வரியில் திங்கட்கிழமைகள்: B1-ல் ஜூன் 2, அடுத்தடுத்து 9, 16, 23, 30. அந்தந்த வாரத்தில் வரும் பணத்தை இது கூட்டித் தரும்:

```
=SUMIFS(Varavu!$D:$D,Varavu!$H:$H,">="&B$1,Varavu!$H:$H,"<"&B$1+7)
```

செலவுக்கும் இதே சூத்திரம், தாளின் பெயரும் பத்திகளும் மட்டும் மாறும். வாரத் தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வாரக் கடைசி இருப்பு. அது அடுத்த வாரத்தின் தொடக்கம்.

| வாரம் | வரவு | செலவு | கடைசியில் இருப்பு |
|---|---|---|---|
| ஜூன் 2 | 0 | 4,03,000 | −93,000 |
| ஜூன் 9 | 6,00,000 | 1,77,000 | 3,30,000 |
| ஜூன் 16 | 0 | 2,20,000 | 1,10,000 |
| ஜூன் 23 | 1,50,000 | 3,05,000 | −45,000 |
| ஜூன் 30 | 3,60,000 | 1,13,000 | 2,02,000 |

முதல் வாரமே வயிற்றைக் கலக்கியதற்கு காரணம் தெரிந்தது. இரும்புக் கடைக்கு 2,90,000 ஜூன் 7-ல் கொடுக்க வேண்டும். அதே வாரம் தவணை, சம்பளம். வருகிற பணம் ஒரு ரூபாய்கூட இல்லை.

இதையே கெடு தேதியை மட்டும் நம்பிப் போட்டுப் பார்த்தோம். கெடு தாண்டியவை எல்லாம் இந்த வாரமே வந்துவிடும் என்று வைத்தால் முதல் வாரக் கடைசியில் 6,47,000 இருக்கும். ஐந்தாவது வாரக் கடைசியில் 3,42,000. சின்னப் பட்டறைக்காரரின் 1,40,000-ஐ மட்டும் கழித்தால் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. போய்ச் சேருமிடம் ஒன்று; நடுவில் ஒரு கணக்கில் பட்டறை சொகுசாக இருக்கிறது, இன்னொன்றில் இரண்டு முறை பள்ளத்தில் விழுகிறது. அதனால் மாதக் கடைசி இருப்பைப் பார்த்து ஆறுதல் அடைவதில் பயனில்லை. அந்த வரிசையில் மிகக் குறைந்த எண் எது, எந்த வாரம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாரக் கணக்கும் கொஞ்சம் ஏமாற்றும். நான்காவது வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் −45,000 என்று காட்டுகிறது. ஆனால் இரும்புக் கடையின் இரண்டாவது பில் 2,40,000 திங்கட்கிழமை, 23-ம் தேதி. பீளமேட்டுப் பணம் செவ்வாய், 24. திங்கட்கிழமை காலை கையில் 1,10,000. செக் பாஸ் ஆகப் போகும்போது −1,30,000. செவ்வாயன்று பணம் ஏறி 20,000 ஆகும், சனிக்கிழமை சம்பளம் போனால் −45,000. ஷீட் சொன்ன பள்ளத்தைவிட உண்மையான பள்ளம் மூன்று மடங்கு ஆழம். இருப்பு ஒரு லட்சத்தைச் சுற்றி வரும் வாரங்களை மட்டும் நாள் வரிசையில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. எல்லா வாரத்துக்கும் தேவையில்லை.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பலருக்கு இடறுகிற இடம் இது. 4,20,000 ரூபாய் பில்லில் 18 சதவீத வரியாக ஏறக்குறைய 64,000 உள்ளே இருக்கிறது. மாதா மாதம் தாக்கல் செய்பவர் ஏப்ரல் பில்லுக்கான வரியை மே 20-க்குள் கட்டிவிட வேண்டும். இரும்பு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை என்பது அங்கே செல்லாது. அந்தப் பணம் ஜூன் 12-ல்தான் வருகிறது. 23 நாள் நண்பர் தன் கைக்காசில் பார்ட்டியின் வரியைச் சுமந்திருக்கிறார். அதனால் ஜூன் 20-க்கு எழுதும் ஜிஎஸ்டி, ஜூனில் வந்த பணத்தைப் பொறுத்ததல்ல. மே மாதம் போட்ட பில்லைப் பொறுத்தது. மே மாதம் நன்றாக வியாபாரம் ஆகியிருந்தால் ஜூன் 20 கடுப்பாக இருக்கும்.

இப்போது அந்தச் சின்னப் பட்டறைக்காரரின் 1,40,000. மேலே உள்ள அட்டவணையில் அது எங்கே? எங்கும் இல்லை. அதன் எதிர்பார்க்கும் தேதி மே 21; ஷீட் ஜூன் 2-ல் தொடங்குகிறது; சூத்திரம் அதைச் சத்தம் போடாமல் விட்டுவிட்டது. இந்த இடத்தில் அது நல்லதே. மூன்று மாதமாக வராத பணத்தை இந்த வாரம் வரும் என்று எழுதுவது பொய். ஆனால் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கீழே ஒரு தனிப் பெட்டி:

```
=SUMIFS(Varavu!$D:$D,Varavu!$H:$H,"<"&$B$1)
```

இதற்கு "இழுவை" என்று பெயர் வைத்தோம். போன் போட வேண்டியவர்களின் பட்டியல் அதுதான்.

அதற்கும் கீழே ஒரு சரிபார்ப்பு. ஐந்து வார வரவையும் இழுவையையும் கூட்டி, ஐந்து வாரத்துக்கு அப்பால் வருவது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தால், `Varavu` தாளின் மொத்தத் தொகை வர வேண்டும். இங்கே 11,10,000-உம் 1,40,000-உம் சேர்ந்து 12,50,000, சரி. ஆனால் முதல் முறை போட்டபோது எங்களுக்கு 1,80,000 உதைத்தது. பீளமேட்டு பில் தேதியை நண்பரின் மகள் 05.05.2025 என்று புள்ளி வைத்து அடித்திருந்தாள். ஷீட் அதைத் தேதியாக எடுக்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. கண்ணால் பார்த்தால் தேதி மாதிரியே இருக்கும். ஒரே அடையாளம், தேதி பெட்டிக்குள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். சந்தேகம் வந்தால் `=ISNUMBER(C2)` என்று கேளுங்கள். `FALSE` என்றால் அது தேதி இல்லை. இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஷீட்டின் அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 05/06 என்பது ஜூன் 5 ஆகாது, மே 6 ஆகிவிடும். அது தேதிதான் என்பதால் மொத்தம் உதைக்காது; சரிபார்ப்பில் மாட்டாது. கூகுள் ஷீட்ஸில் File மெனுவின் Settings-க்குப் போய் Locale-ஐ India என்று மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எவ்வளவு தூரம் இதை நம்பலாம்? இந்தப் பட்டறைக்கு ஐந்தாறு வாரம். காரணம் எளிது. இன்று போடும் பில்லின் பணம் சீக்கிரம் வந்தால் 35 நாள், பெரிய கம்பெனி என்றால் 63 நாள். ஆகவே அடுத்த ஐந்து வாரத்தில் வரப்போகும் பணம் எல்லாம் ஏற்கெனவே பில்லாகக் கையில் இருக்கிறது. அதற்கு அப்பால் போனால், இன்னும் போடாத பில்கள் ஷீட்டில் இருக்காது. சம்பளமும் தவணையும் மட்டும் வாரா வாரம் போய்க்கொண்டிருக்கும். பத்தாவது வாரத்தில் பட்டறை திவாலாவது மாதிரி காட்டும். பயப்பட வேண்டாம். அதுவரை பார்த்தே ஆக வேண்டும் என்றால், கையில் இருக்கும் ஆர்டரை வேறு நிறத்தில், பில் போடப்போகும் தேதியோடு எழுதலாம். எழுதினால் அதற்கு வாங்கப்போகும் இரும்பையும் செலவுப் பக்கம் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதுவது ஆசை.

அன்று சாயங்காலமே நண்பர் இரும்புக் கடைக்குப் போன் போட்டார். ஏழாம் தேதி 1,50,000, பதினான்காம் தேதி மீதி 1,40,000. அந்த இருபத்துமூன்றாம் தேதி பில்லுக்கும் அப்போதே பேசிவிட்டார்: அன்று ஒரு லட்சம், மீதி 1,40,000 ஜூலை 2-ல், பம்ப் கம்பெனிப் பணம் ஏறிய பிறகு.

"வர்ற அன்னைக்கு வந்து கையப் பிசையறவங்களத்தான் எனக்குப் புடிக்காது. நீங்க மூணு வாரம் முன்னாடியே சொல்றீங்க. சரிங்க, ஆனா அடுத்த லோடு டன்னுக்கு ஐநூறு ரூபா கூட வரும்" என்றார் கடைக்காரர். மூன்று டன்னுக்கு 1,500 ரூபாய். செக் திரும்பி வந்தால் ஆகும் செலவையும் அவமானத்தையும் நினைத்தால் மலிவுதான். புதிய எண்களைப் போட்டதும் முதல் வாரக் கடைசி 47,000 ஆனது. நான்காவது வாரத் திங்கட்கிழமை வெறும் 10,000 என்றாலும் பூஜ்யத்துக்கு மேலே நின்றது. ஐந்தாவது வாரக் கடைசி மாறவில்லை, அதே 2,02,000.

சனிக்கிழமைதோறும் சம்பளம் போட்ட பிறகு அரை மணி நேரம். வந்த பில் வரியை `Varavu`-வில் இருந்து வெட்டிப் பழைய பில்களின் தாளில் ஒட்டி, எந்தத் தேதி வந்தது என்று எழுத வேண்டும். தாமதக் கணக்கு தானாகப் புதுப்பிக்கப்படும். பகுதிப் பணம் வந்தால் தொகையைக் குறைக்க வேண்டும். புதிய பில்களைச் சேர்க்க வேண்டும். B1-ஐ அடுத்த திங்களுக்கு மாற்ற வேண்டும். தொடக்க இருப்பை மட்டும் ஷீட்டில் இருந்து எடுக்காமல், பேங்கில் உண்மையாக என்ன இருக்கிறதோ அதைப் போட வேண்டும். இதைச் செய்யாத ஷீட் மூன்றாவது வாரம் செத்துவிடும். நான் பார்த்த பாதி ஷீட்டுகள் அப்படித்தான் செத்தன.

ஜூன் 14 அன்று போனேன். பீளமேட்டுப் பணம் 9-க்குப் பதில் 11-ல் வந்திருந்தது. பம்ப் கம்பெனி 13-ல் போட்டிருந்தது, ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். ஆனால் 4,20,000 இல்லை, 4,08,000. எட்டு ஷாஃப்ட்டை ரிஜெக்ட் செய்து 12,000-க்கு டெபிட் நோட் போட்டிருக்கிறார்கள். தேதியைக் கணிக்கத் தெரிந்த ஷீட்டுக்குத் தொகையைக் கணிக்கத் தெரியவில்லை. பழைய பில்களைப் புரட்டினால் அந்தக் கம்பெனி இரண்டு, மூன்று சதவீதம் பிடிப்பது வழக்கமாகவே இருந்தது. அன்று முதல் அவர்களின் பில்லை 97 சதவீதமாகத்தான் D-யில் எழுதுகிறோம்.

சின்னப் பட்டறைக்காரர் போனில் முதலில் ஜூன் 10 என்றார், பிறகு 14 என்றார். G-யில் இப்போது மூன்றாவது தேதி. அதை அழித்துவிடச் சொன்னேன். அழித்ததும் 1,40,000 வாரங்களை விட்டு நழுவி மறுபடி இழுவைப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது.